"ஃபீல் பண்ணிருந்தா சாரி": சாட்டில் வரும் மன்னிப்பைப் பிரித்துப் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"நீ ஃபீல் பண்ணிருந்தா சாரி"ன்னு வாட்ஸ்அப்ல வந்திருக்கு. இது மன்னிப்பு கேட்ட கணக்கா?

பெரும்பாலும் இல்லை. அந்த வரியில் ஏதாவது செய்திருப்பவர் நீங்கள் மட்டும்தான்: ஃபீல் பண்ணியிருக்கிறீர்கள். அனுப்பியவர் என்ன செய்தார் என்பதே அதில் இல்லை. உங்கள் மனசைப் பற்றி அவர் ஒரு கருத்து சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

சந்தேகமாக இருந்தால் இதைச் செய்து பாருங்கள். வந்த செய்திக்குப் பின்னால் "ஆனா நான் செஞ்சது சரிதான்" என்று நீங்களாகவே ஒரு வரி சேர்த்து, இரண்டையும் சேர்த்து வாய்விட்டுப் படியுங்கள். "நீ ஃபீல் பண்ணிருந்தா சாரி. ஆனா நான் செஞ்சது சரிதான்." எங்கேயும் இடிக்கவில்லை, இல்லையா? ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய பேச்சாகவே இருக்கிறது. இப்போது இன்னொன்றைப் படியுங்கள்: "எல்லார் எதிர்லயும் உன் சம்பளத்தைப் பத்திப் பேசிட்டேன், சாரி. ஆனா நான் செஞ்சது சரிதான்." இது நொண்டுகிறது. முதல் வாக்கியமே தப்பை ஒப்புக்கொண்டுவிட்டதால் இரண்டாவது அதனுடன் ஒட்ட மறுக்கிறது. ஒட்டினால் மன்னிப்பு இல்லை, ஒட்டாவிட்டால் மன்னிப்பு. இந்த ஒரு சோதனையிலேயே முக்கால்வாசி செய்திகள் பிரிந்துவிடும். மிச்சம் கால்வாசிக்குத்தான் கீழே இவ்வளவு கேள்விகள்.

அப்ப "இருந்தா"ன்னு வந்தாலே போலின்னு முடிவு பண்ணிடலாமா?

அவசரப்பட வேண்டாம். அந்த "இருந்தா" எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும்.

"நேத்து நைட்டு பதினொரு மணிக்குக் கால் பண்ணிட்டேன், தூக்கத்தைக் கெடுத்திருந்தா சாரிக்கா" என்று தெரிந்த பையன் காலையில் அனுப்புகிறான். நீங்கள் தூங்கினீர்களா, விழித்திருந்தீர்களா என்பது அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. தெரியாததற்கு "இருந்தா" போடுவது நேர்மை. தான் என்ன செய்தான் என்பதையும் முதல் பாதியிலேயே சொல்லிவிட்டான்.

ஆனால் "நீ அப்படிச் சொன்னது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு" என்று நீங்கள் எழுதிய பிறகு "கஷ்டமா இருந்திருந்தா சாரி" என்று பதில் வந்தால் கதை வேறு. கஷ்டமாக இருந்ததை நீங்கள் சொல்லியாயிற்று. அதற்கு அப்புறமும் "இருந்தா" போடுவது, நீங்கள் சொன்னதை இன்னும் ஏற்கவில்லை என்பதற்குச் சமம். நீங்கள் வாய் திறப்பதற்கு முன் வந்த "இருந்தா"வை விட்டுவிடலாம். பின் வந்ததைக் கவனிக்க வேண்டும்.

"தப்பு நடந்துடுச்சு", "கோவத்துல வந்துடுச்சு"ன்னு எழுதறாங்களே, அது?

இங்கே தமிழ் கொஞ்சம் வழுக்கும். "நடந்துடுச்சு", "வந்துடுச்சு", "ஆயிடுச்சு" என்றால் செய்தவர் யாரும் இல்லாமலே காரியம் தானாக நடந்ததுபோல் ஆகிவிடும். பொறுப்பைத் தட்டிக்கழிக்க நினைப்பவருக்கு இது வசதி. ஆனால் மனசார வருந்துபவரும் இப்படித்தான் பேசுகிறார். கையிலிருந்து டம்ளரை நழுவவிட்டவர்கூட "விழுந்துடுச்சு" என்றுதான் சொல்வார். அதனால் இந்த ஒரு சொல்லை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது.

அடுத்த வாக்கியம் வரும்வரை காத்திருங்கள். "கோவத்துல வந்துடுச்சு. அப்படிப் பேசிருக்கக் கூடாது நான்" என்று வந்தால் ஆள் திரும்பி வந்துவிட்டார். "கோவத்துல வந்துடுச்சு. நீயும் அந்த நேரத்துல சும்மா இருந்திருக்கலாம்" என்று வந்தால், நடந்ததற்கு இப்போது ஒரு ஆள் கிடைத்துவிட்டார், அது நீங்கள்.

ஒரு உதாரணம் வெச்சு முழுசா சொல்லுங்க.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு தெரு என்று வைத்துக்கொள்வோம். ஆடி மாதம், அம்மன் கோயிலில் கூழ் ஊற்றப் பணம் வசூல் நடக்கிறது. வீட்டுக்கு ஆயிரம் ரூபாய். வசூலைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் தெரு குரூப்பில் "இன்னும் கட்டாதவங்க" என்று ஒரு லிஸ்ட் போடுகிறார். அதில் ஒரு அக்காவின் பெயரும் இருக்கிறது. அந்த அக்காவோ ஞாயிற்றுக்கிழமையே அண்ணனுடைய தம்பி கையில் பணத்தைக் கொடுத்துவிட்டார். லிஸ்டை அறுபது பேர் பார்த்தாயிற்று. பால் வாங்கப் போன இடத்தில் ஒருவர் "இன்னாக்கா, இன்னும் குடுக்கலையா?" என்று கேட்டும் விட்டார்.

அக்கா அண்ணனுக்குத் தனியாக எழுதுகிறார்: "அண்ணா, நான் ஞாயித்துக்கிழமையே உங்க தம்பிகிட்ட ஆயிரம் குடுத்துட்டேன். குரூப்ல என் பேரு போட்டது ரொம்ப அசிங்கமா போச்சு."

பதில் வருகிறது: "அய்யே, இதுக்குப் போய் இம்மா ஃபீல் பண்றியேம்மா. உன் மனசு கஷ்டப்பட்டிருந்தா சாரி."

இதைப் பிரித்துப் பார்ப்போம். "இதுக்குப் போய்" என்ற தொடக்கத்திலேயே விஷயம் சின்னதாகிவிட்டது. "இம்மா ஃபீல் பண்றியே" என்பதில் குறை லிஸ்டிலிருந்து அக்காவின் சுபாவத்துக்கு இடம் மாறிவிட்டது. கஷ்டமாக இருந்தது என்று அவர் சொன்ன பிறகும் "கஷ்டப்பட்டிருந்தா". பணம் வந்ததா என்று அண்ணன் பார்த்தாரா, லிஸ்டை மாற்றுவாரா? ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் நம் வரியைச் சேர்த்தால், "உன் மனசு கஷ்டப்பட்டிருந்தா சாரி. ஆனா நான் லிஸ்ட் போட்டது சரிதான்" என்று வழவழவென்று போகிறது.

இந்த இடத்தில் பலர் செய்வது, "இது ஒரு சாரியா?" என்று பாய்வது. பாய்ந்தால் பேச்சு சாரியின் தரத்தைப் பற்றியதாகிவிடும், லிஸ்ட் அப்படியே குரூப்பில் நிற்கும். அதைவிட, காரியத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்பது மேல்:

"என் மனசு இருக்கட்டும்ணா. நான் பணம் குடுத்திருக்கும்போது லிஸ்ட்ல என் பேரு வந்தது தப்பா, இல்லையா?"

இதற்கு வரும் பதில்தான் உண்மையான சோதனை. மூன்று விதமாக வரலாம்.

ஒன்று: "ஆமாம்மா, தம்பியைக் கேக்காமலே லிஸ்ட் போட்டுட்டேன். இப்பதான் அவன்கிட்ட கேட்டேன், நீ குடுத்திருக்க. குரூப்ல மாத்திப் போடறேன்." முதல் செய்தி எவ்வளவு சொதப்பலாக இருந்தாலும் இது மன்னிப்புதான். அதில் சாரி என்ற சொல்லே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

இரண்டு: "அதான் சாரி சொல்லிட்டேனேம்மா, இன்னும் இன்னா பண்ணச் சொல்ற?" கேட்டது லிஸ்டைப் பற்றி, பதில் சாரியைப் பற்றி. சாரி சொன்னதையே கடையில் பில் கட்டியதுபோல் வைத்துக் கணக்கை முடிக்கப் பார்க்கிறார்.

மூன்று: "நீ தம்பிகிட்ட குடுத்தது எனக்கு எப்படித் தெரியும்? என்கிட்டல்ல குடுத்திருக்கணும்." இது மன்னிப்பு இல்லை. ஆனாலும் இரண்டாவதைவிட நேர்மையானது. தன் தப்பில்லை என்று நினைப்பதை வெளிப்படையாகவே சொல்கிறார். அதோடு, இதில் கொஞ்சம் நியாயமும் இருக்கலாம். இனி பேச வேண்டியது தம்பி கையில் கொடுத்தது எப்படி அண்ணனுக்குப் போகாமல் நின்றது என்பதைப் பற்றி. அது தீர்க்கக்கூடிய விஷயம்.

குரூப்ல அசிங்கப்படுத்திட்டு தனியா வந்து சாரி சொன்னா?

பாதிதான் முடிந்தது. மேலே உள்ள உதாரணத்தில் அக்காவுக்கு நேர்ந்தது அண்ணன் மட்டும் தெரிந்துகொண்டால் தீராது, லிஸ்டைப் பார்த்த அறுபது பேருக்கும் தெரிய வேண்டும். எந்த இடத்தில் கெட்டதோ அந்த இடத்தில்தான் சரி செய்ய முடியும்.

அதற்காக அவர் குரூப்பில் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டியதில்லை. "காலைல போட்ட லிஸ்ட்ல ஒரு தப்பு. இந்த வீட்டுப் பணம் ஞாயித்துக்கிழமையே வந்துடுச்சு, நான் பாக்காம பேரு போட்டுட்டேன்" என்று இரண்டு வரி போதும். ஆனால் பலரும் செய்வது, லிஸ்டைச் சத்தமில்லாமல் அழித்துவிடுவது. Delete for everyone அனுப்பிய பிறகு ஏறக்குறைய இரண்டரை நாள் வரை வேலை செய்யும், ஆனால் அந்த இடத்தில் This message was deleted என்று நிற்கும். பார்த்தவர்கள் பார்த்ததுதான். அழித்தது ஏன் என்று யாருக்கும் தெரியாததால் சந்தேகம் இன்னும் கூடத்தான் செய்யும். சிலர் முதல் 15 நிமிடத்துக்குள் எடிட் செய்து பெயரை மட்டும் எடுத்துவிடுவார்கள். Edited என்று சின்னதாக இருக்கும், யாரும் அதைப் படிக்கமாட்டார்கள். திருத்தம் தனிச் செய்தியாக வந்தால்தான் முதல் செய்தியைப் பார்த்தவர்கள் இதையும் பார்ப்பார்கள்.

இதற்கு நேர்மாறும் உண்டு. தனியாக நடந்த ஒன்றுக்கு ஸ்டேட்டஸில் "யாரையாவது புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும்" என்று போடுவது. அது உங்களுக்காகப் போட்டது இல்லை, அதைப் பார்க்கும் மற்றவர்களுக்காகப் போட்டது.

"சாரி, ஆனா..."ன்னு ஆரம்பிச்சாலே எனக்குப் பத்திக்கினு வருது. காரணம் சொல்றதே தப்பா?

காரணம் சொல்வது தப்பில்லை. "அன்னைக்கு அம்மாவை ஸ்டான்லில சேர்த்திருந்தோம், அதான் உன் போனை எடுக்கல, திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லிருக்கணும், சாரி" என்பதில் காரணம் இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது. நடந்தது உங்களுக்குப் புரிகிறது.

பார்க்க வேண்டியது, அந்தக் காரணத்தின் கடைசியில் நிற்பது யார் என்று. அவருடைய சூழ்நிலை நின்றால் அது விளக்கம். நீங்கள் நின்றால் ("ஆனா நீ முன்னாடியே சொல்லிருந்தா நான் ஏன் அப்படிப் பண்றேன்") அது எதிர்வழக்கு. "ஆனா"வுக்கு முன்னால் இருப்பது அலங்காரம், சொல்ல வந்தது பின்னால் இருக்கிறது.

இரண்டு பேர் மேலும் தப்பு இருக்கும் சண்டைகளும் உண்டு. அப்போதும் இரண்டையும் ஒரே செய்தியில் போடாமல் இருந்தால் நல்லது. தன் பங்கை முதலில் தனியாக முடித்துவிட்டு, "அந்த இன்னொரு விஷயம் நாளைக்குப் பேசலாம்" என்று சொல்பவர் நம்பத்தக்க ஆள்.

"சரி சாமி, எல்லாம் என் தப்புதான். போதுமா?"

இதில் செய்தவர் இருக்கிறார், தப்பும் இருக்கிறது. ஆனால் எந்தத் தப்பு என்பது இல்லை. "எல்லாம்" என்று மொத்தமாக ஏற்பவர் குறிப்பாக எதையும் ஏற்கவில்லை. "போதுமா" என்பது உங்களை நச்சரிக்கும் ஆளாக்கிவிட்டு வாயை மூடச் சொல்வது. இதனுடைய தங்கச்சி ஒன்று உண்டு: "நான் கெட்டவன்தான், நான் செத்தா உங்களுக்கெல்லாம் நிம்மதி." அது வந்தவுடன் அடிபட்ட நீங்களே அவரைச் சமாதானப்படுத்தும்படி ஆகும். ஆனால் சாவைப் பற்றிய பேச்சை வெறும் நடிப்பு என்று ஒதுக்கவும் கூடாது. சாட்டை நிறுத்திவிட்டு நேரில் போங்கள் அல்லது கால் பண்ணுங்கள். மன்னிப்புக் கணக்கு அப்புறம்.

வெறும் "சாரி" ஒண்ணுதான் வந்துச்சு. கூட ஒரு கும்பிடற எமோஜி. எப்படி எடுத்துக்கறது?

தப்பு சின்னதாக இருந்தால் அதுவே போதும். அரை மணி நேரம் லேட்டாக வந்ததற்கு யாரும் பத்தி பத்தியாக எழுதமாட்டார்கள். தப்பு பெரிதாக இருந்தால், அதை முதல் தவணை என்று வைத்துக்கொண்டு ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். சிலருக்கு எழுதவே வராது, வாய்ஸ் நோட்டில் அதே ஆள் நன்றாகப் பேசுவார். ஒற்றைச் சொல்லை வைத்து ஆளை எடைபோட முடியாது. அதற்கு அப்புறம் அவர் அதே பேச்சைத் திரும்ப எடுக்கிறாரா, அடுத்த நிமிடமே காமெடி ரீல் அனுப்புகிறாரா என்பதிலிருந்து கொஞ்சம் தெரியும்.

எங்கப்பா சாரியே சொல்லமாட்டார். திட்டிட்டு மறுநாள் "சாப்ட்டியா"ன்னு மெசேஜ் போடுவார். இது எதுல சேர்த்தி?

நம் வீடுகளில் பெரியவர்கள் பலருக்கு இதுதான் தெரிந்த வழி. "சாப்ட்டியா" என்பது, சண்டை முடிந்தது, நீ என் பிள்ளைதான் என்ற செய்தி. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், "சாப்ட்டேன்பா, நீங்க?" என்று பதில் போடலாம். உறவு திரும்பிவிட்டது.

ஆனால் திட்டியது தப்பு என்று அவர் ஒப்புக்கொண்டதாக அதற்குப் பொருள் இல்லை. அன்றாடச் சச்சரவுக்கு அது தேவையும் இல்லை. ஒரே விஷயம் மாதாமாதம் திரும்ப வந்தால்தான் சிக்கல், "சாப்ட்டியா"வால் அதைத் தீர்க்க முடியாது. அப்போதும் அவரிடம் சாரியை எதிர்பார்த்து நிற்பதைவிட, "இனிமே மாமா முன்னாடி என் வேலையைப் பத்திப் பேசாதீங்கப்பா" என்று நடக்க வேண்டியதைக் கேட்பது பலன் தரும். அவர் பேசாமல் இருந்தால் அதுவே பதில்.

இதெல்லாம் யாராவது ஆராய்ச்சி பண்ணிப் பாத்திருக்காங்களா?

பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராய் லெவிக்கியும் உடன் பணியாற்றியவர்களும் 2016ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மன்னிப்பை ஆறு பாகமாகப் பிரித்தார்கள்: வருத்தம் சொல்வது, என்ன நடந்தது என்று விளக்குவது, பொறுப்பை ஏற்பது, இனி செய்யமாட்டேன் என்பது, சரிசெய்து தருவது, மன்னிக்கச் சொல்லிக் கேட்பது. படித்தவர்களிடம் அதிகம் எடுபட்டது பொறுப்பை ஏற்பது. அடுத்தது சரிசெய்து தருவது. "என்னை மன்னிச்சிடு" என்று கேட்பதுதான் கடைசி, அதை விட்டுவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை என்றார் லெவிக்கி.

அந்த ஆய்வில் கொடுக்கப்பட்ட சூழல் ஒரு அலுவலக விவகாரம், கணக்கில் தப்பு செய்தவரின் மன்னிப்பு. குடும்பத்துக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் கலந்துகொண்டவர்கள் மன்னிப்பைக் காதால் கேட்கவில்லை, எழுத்தில்தான் படித்தார்கள். சாட்டும் அப்படித்தான். முகமும் குரலும் இல்லாத இடத்தில் பொறுப்பு என்பது வரியில் எழுதியிருந்தால்தான் உண்டு.

அம்சமா, எல்லா பாகமும் இருக்கற மாதிரி ஒரு நீள மெசேஜ் வந்துச்சு. நம்பிடலாமா?

நம்பலாம், ஆனால் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சாட்டில் ஒரு வசதி, பழையது அப்படியே இருக்கும். Search பெட்டியில் சாரி, மன்னிச்சிடு போன்ற சொல்லைப் போட்டுத் தேடினால் முன்பு வந்தவை வரிசையாக வரும். ஒரே தப்புக்கு ஒரே மாதிரி அழகான செய்தி மூன்று முறை வந்திருந்தால், எழுதுவதில் அவர் தேறிவிட்டார் என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று, சரிசெய்வதாகச் சொன்னதில் நாள் இருக்கிறதா என்று பாருங்கள். "பணத்தைச் சீக்கிரம் குடுத்துடறேன்" வேறு, "பத்தாம் தேதி சம்பளம் வந்ததும் மூவாயிரம், மீதி அடுத்த மாசம்" வேறு.

மிரட்டல், அடிதடி, தொடர்ந்து அவமானப்படுத்துவது போன்றவற்றுக்குப் பின்னால் வரும் நீள மன்னிப்பை இந்த முறையில் எடைபோட வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். Disappearing messages போட்டிருந்தால் அமைப்பைப் பொறுத்து 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ செய்தி போய்விடும்.

நான்தான் சாரி கேக்கணும். ஆனா உண்மையிலயே என் மேல தப்பு இருக்கறதா எனக்குத் தோணல. என்ன எழுதறது?

"ஃபீல் பண்ணிருந்தா சாரி" பிறப்பதே இந்த நெருக்கடியில்தான். சண்டையும் வேண்டாம், ஒப்புக்கொள்ளவும் மனசில்லை. அந்த நேரத்தில் போலியாக ஒன்றை அனுப்புவதைவிட, ஒப்புக்கொள்ள முடிந்த பகுதி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். சொன்ன விஷயம் சரி என்று நினைக்கலாம், சொன்ன இடமோ தொனியோ தப்பாக இருந்திருக்கும். அதை மட்டும் எழுதுங்கள்: "பணத்தைப் பத்திக் கேட்டது தப்புன்னு நான் நெனைக்கல. ஆனா உன் மாமியார் முன்னாடி கேட்டது தப்பு. அதுக்கு சாரி." இதில் நம் சோதனை வரி ஒட்டாது.

அப்படி எதுவுமே அகப்படவில்லை என்றால் சாரியை விட்டுவிடுங்கள். "உனக்குக் கஷ்டமா இருக்குன்னு புரியுது. நான் பண்ணது தப்புன்னு எனக்கு இன்னும் தோணல. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரேன், நேர்ல பேசலாம்" என்று எழுதலாம். படிப்பவருக்கு இது இனிக்காது. ஆனால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.